நான்கு பேய்களும் முப்பது காவலர்களும்

பேக்-மேன் ஆடியவர்களுக்கு அந்த ஆரஞ்சு நிறப் பேயை நினைவிருக்கும். பெயர் கிளைட். சிவப்புப் பேய் விடாமல் பின்னாலேயே வரும், கிளைட் அப்படியில்லை. வேகமாகப் பக்கத்தில் வரும், பிடிக்கப்போகிறது என்று பயப்படும் நேரத்தில், வீட்டில் அடுப்பை அணைக்க மறந்தவர்போல் சட்டென்று திரும்பி மூலைக்குப் போய்விடும். ஜப்பானிய மூலத்தில் அதற்கு வைத்த குணப்பெயரும் ‘ஒன்றும் தெரியாததுபோல் நடிப்பவன்’ என்ற பொருளில்தான் இருந்தது. அது கோழையா, மந்தமா, தந்திரமா என்று ஆடியவர்கள் பலவிதமாகக் கதை கட்டியிருக்கிறார்கள்.

உண்மையில் கிளைட்டின் மூளை ஒரே ஒரு கேள்விதான். பேக்-மேன் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கிறாரா? இருந்தால் அவரை நோக்கிப் போ. இல்லையென்றால் கீழே இடது மூலையை நோக்கிப் போ. அவ்வளவுதான்.

நாம்கோ நிறுவனத்தில் தோரு இவதானி வடிவமைத்த இந்த ஆட்டம் 1980-இல் வெளிவந்தது. அதை ஓட்டிய ஸி80 பிராசசரின் வேகம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். நிரல் முழுவதும் 16 கிலோபைட்டில் அடங்கியது. இன்று போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரியது. அத்தனை குறுகிய இடத்தில் நான்கு எதிரிகளுக்கு நான்கு குணம் எப்படிக் கொடுத்தார்கள் என்பது பழங்கதை அல்ல. மலிவு விலைப் போனில் ஓட வேண்டிய ஆட்டத்தை எழுதுகிறவர்கள் இன்றும் அதே உத்திகளைத்தான் எடுத்து ஆள்கிறார்கள்.

முதல் உத்திக்குப் பெயர் ஸ்டேட் மெஷின். தமிழில் நிலைப்பொறி எனலாம். எதிரி எந்த நேரத்திலும் ஒரே ஒரு நிலையில்தான் இருக்கும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு எப்போது மாறும் என்பது முன்கூட்டியே எழுதிவைத்த விதி. பேக்-மேன் பேய்களுக்குத் துரத்தல், கலைந்துபோதல், பயந்து ஓடுதல், தின்னப்பட்டபின் கண்கள் மட்டும் வீடு திரும்புதல் என்று முக்கியமாக நான்கு நிலைகள். முதல் சுற்றில் 7 விநாடி கலைந்து போகும், 20 விநாடி துரத்தும்; மறுபடி 7, மறுபடி 20; பிறகு 5, 20, 5; அதன்பின் ஓயாத துரத்தல். ஆடுபவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைப்பது இந்தக் கடிகாரத்தால்தான்.

துரத்தலுக்கும் கலைதலுக்கும் இடையே நிலை மாறும் கணத்தில் பேய்கள் எல்லாம் ஒருசேரத் திசை திரும்பும். உள்ளே ஒரு எண் மாறியதை வெளியே கண்ணுக்குத் தெரியும் அசைவாக ஆக்கிய இடம் அது. நிலைப்பொறி எழுதும் பலர் கோட்டைவிடுவதும் அங்கேதான். எதிரி சந்தேகப்படுகிறான் என்று நிரலுக்குத் தெரிந்தால் போதாது, ஆடுபவருக்கும் தெரிய வேண்டும். தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி, ஒரு உறுமல், அரை விநாடித் தயக்கம் என ஏதாவது ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக எழுதிய நிலைப்பொறியும் கண்ணுக்குக் குழப்பமாகவே தெரியும்.

இரண்டாவது உத்தி வழி தேடுவது பற்றியது. வழி தேடாமல் தப்பிப்பது பற்றியது என்பதே சரி. பேக்-மேன் பேய் எதுவும் முழு வழியைக் கணக்கிடுவதில்லை. சந்திக்கு வந்ததும், போகக்கூடிய பக்கத்துக் கட்டங்களில் எது இலக்குக்கு நேர்க்கோட்டில் அருகே இருக்கிறதோ அதில் காலை வைக்கும். சமமாக இருந்தால் மேல், இடம், கீழ், வலம் என்ற வரிசையில் முதலில் வருவது. தானாகப் பின்னால் திரும்பக்கூடாது என்பது கூடுதல் விதி. இவ்வளவு குறுகிய பார்வை உள்ள ஒருவர் ஊருக்குள் நடந்தால் முதல் முட்டுச்சந்திலேயே மாட்டிக்கொள்வார். பேய்கள் மாட்டுவதில்லை. காரணம், அந்தப் புதிர்ப்பாதையில் முட்டுச்சந்தே கிடையாது. மூளைக்குச் செலவு செய்யாமல் வரைபடத்துக்குச் செலவு செய்திருக்கிறார்கள்.

1993-இல் வந்த டூம் ஆட்டத்து அரக்கர்களும் இதே இனம். ஒவ்வொரு நிலைக்கும் காட்ட வேண்டிய படம், அது நீடிக்கும் நேரம், செய்ய வேண்டிய செயல், அடுத்த நிலை என்று ஒரு நீண்ட அட்டவணை. வழி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆளை நோக்கி நேரே வரும், இடித்தால் வேறு திசை பார்க்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முட்டிக்கொண்டிருக்கும் அரக்கனை டூம் ஆடிய யாரும் பார்த்திருப்பார்கள். ஆட்டத்தின் வேகத்தில் அது பெரிய குறையாகப் படவில்லை.

சரி, இப்போது போனுக்கு வருவோம். இன்றைய போன் பிராசசர் அந்த ஸி80-ஐப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகத் துடிக்கிறது. பிறகு ஏன் கஞ்சத்தனம்?

விநாடிக்கு 60 ஃபிரேம் காட்ட வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.6 மில்லி விநாடி. படம் வரைவது, மோதல்களைக் கணக்கிடுவது, ஒலி, தொடுதிரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். எதிரிகளின் யோசனைக்கு அதில் ஓரிரு மில்லி விநாடி கிடைத்தால் பெரிது. மேலும், பிராசசர் முழு வேகத்தில் ஓடினால் போன் சூடாகும். விசிறி இல்லாத கருவி ஆகையால் சூட்டைக் குறைக்க அது தன் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு நிமிடம் வழுக்கிக்கொண்டு ஓடிய ஆட்டம் பதினைந்தாவது நிமிடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். மலிவுப் போன்கள் பலவற்றில் கார்டெக்ஸ் ஏ53 போன்ற சிறிய கோர்கள்தான் சுமையைத் தூக்குகின்றன. அவை கட்டளைகளை வரிசை மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்பவை. நினைவகத்தின் மூலையில் கிடக்கும் ஒரு தகவல் வந்து சேரத் தாமதமானால், அதற்காகப் பெரும்பாலும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஒரு கிடங்கு, அகலம் 40 கட்டம், உயரம் 30 கட்டம், மொத்தம் 1,200. உள்ளே முப்பது காவலர்கள். ஆடுபவர் திருடன்.

காவலர்களுக்கு ரோந்து, சந்தேகம், துரத்தல், தேடல், ரோந்துக்குத் திரும்புதல் என்று ஐந்து நிலைகள் வைப்போம். இதில் முதலில் வரும் சிக்கல் கிளைட்டிடமிருந்தே வருகிறது. திருடன் ஆறு கட்டத்துக்குள் வந்தால் துரத்து, ஆறைத் தாண்டினால் விட்டுவிடு என்று ஒரே எல்லையை வைத்தால், எல்லைக்கோட்டில் நிற்கும் திருடனைப் பார்த்துக் காவலர் துரத்தல், ரோந்து, துரத்தல், ரோந்து என்று விநாடிக்குப் பத்துமுறை மனம் மாறுவார். திரையில் அவர் உடல் நடுங்கும். ‘யாரது’ என்ற குரல் துண்டுதுண்டாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். கிளைட் செய்வதும் அதே ஊசலாட்டம்தான். ஆனால் போவதும் வருவதும் நீளமான சந்துகள் வழியாக என்பதால் அது அங்கே குணமாகத் தெரிகிறது, கிடங்கில் கோளாறாகத் தெரிகிறது. மருந்து எளிது. உள்ளே நுழைய ஓர் எல்லை, வெளியே போக வேறோர் எல்லை:

```
if (state == PATROL && dist < 6) state = CHASE;
if (state == CHASE  && dist > 9) state = SEARCH;
```

ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கும் மூன்று கட்டத்தில் காவலர் இருந்த நிலையிலேயே நீடிப்பார். நடுக்கம் போய்விடும்.

இனி வழி. காவலருக்கும் திருடனுக்கும் இடையே அலமாரிகள் இருக்கின்றன, முட்டுச்சந்துகள் இருக்கின்றன. பேய்களின் குறும்பார்வை இங்கே செல்லாது. பாடப்புத்தகம் கைகாட்டுவது ஏ ஸ்டார் என்ற முறையை. ஷேக்கி என்ற ரோபோ வேலையின்போது, ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் மூவரும் 1968-இல் வெளியிட்டது. இதுவரை நடந்த தூரத்தையும் இன்னும் மீதமிருக்கக்கூடிய தூரத்தையும் கூட்டிப் பார்த்து, நம்பிக்கை தரும் கட்டத்தை முதலில் ஆராயும். ஒரே ஒரு காவலர் என்றால் இதைவிட நல்ல முறை தேட வேண்டியதில்லை.

முப்பது பேர் என்றால் கதை வேறு. திருடன் கண்ணாடியை உடைக்கிறான், சைரன் அலறுகிறது, முப்பது காவலர்களும் ஒரே ஃபிரேமில் துரத்தல் நிலைக்கு மாறுகிறார்கள். முப்பது பேரும் அந்தக் கணமே தனித்தனியாக வழி தேடத் தொடங்குகிறார்கள். திருடன் உள்ளே பூட்டிக்கொண்ட அறையில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வழியே இல்லை என்று தெரிந்துகொள்ள ஏ ஸ்டார் போகக்கூடிய எல்லாக் கட்டத்தையும் துழாவியாக வேண்டும். முப்பது பேர், ஆளுக்கு ஏறத்தாழ 1,200 கட்டம். ஒரே ஃபிரேமில் 36,000 கட்டத் தேடல், ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தும் வேலை தனி. சைரன் ஒலித்ததும் படம் ஒரு கணம் உறைந்து பிறகு ஓடினால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இதுதான்.

இதற்கு மலிவான மாற்று, தேடலைத் தலைகீழாகத் திருப்புவது. முப்பது பேரும் ஒருவனைத்தான் தேடுகிறார்கள். ஆகவே அவனிடமிருந்து ஒரே ஒருமுறை தேடினால் போதும். குளத்தில் கல் எறிந்தால் அலை வட்டவட்டமாகப் பரவுமல்லவா, அதுபோலத் திருடன் நிற்கும் கட்டத்தில் 0 எழுதி, அதைத் தொடும் கட்டங்களில் 1, அவற்றைத் தொடும் கட்டங்களில் 2 என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். சுவர் வந்தால் அலை சுற்றிக்கொண்டு போகும். கிடங்கின் ஒரு மூலை இப்படி இருக்கும். # என்பது சுவர்:

```
8 # 2 1 2
7 # 1 0 1
6 # 2 1 2
5 4 3 2 3
```

இடப்பக்கம் 7 என்ற கட்டத்தில் நிற்கும் காவலருக்குத் திருடன் நேர்க்கோட்டில் மூன்றே கட்டம் தள்ளி இருக்கிறான். பேக்-மேன் பேயை அங்கே நிறுத்தினால் முதலில் 8-க்கு ஏறி முட்டிக்கொள்ளும். நம் காவலர் செய்ய வேண்டியதோ பக்கத்துக் கட்டங்களில் தன்னுடையதைவிடச் சிறிய எண்ணைப் பார்த்துக் காலை வைப்பது மட்டும்: 7, 6, 5, 4, 3, 2, 1. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் வழி கேட்பதில்லை. காவலரும் கேட்க வேண்டியதில்லை. அலை வந்து தொடாத கட்டத்தில் எண்ணே இருக்காது. எனவே வழி இல்லை என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

செலவைப் பார்க்கலாம். ஒருமுறை அலை பரப்ப 1,200 கட்டம், கட்டத்துக்கு நான்கு திசை, ஆக அதிகபட்சம் 4,800 பார்வைகள். அதையும் ஃபிரேமுக்கு ஃபிரேம் செய்ய வேண்டாம். திருடன் ஒரு கட்டத்தை விட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும்போது செய்தால் போதும். அவன் விநாடிக்கு நான்கு கட்டம் ஓடினால் விநாடிக்கு நான்கு அலை. காவலர் முப்பதானாலும் முந்நூறானாலும் அலையின் செலவு மாறாது. எண்களை எல்லாம் ஒரே நீண்ட வரிசையில் வைத்துக்கொண்டால் சிறிய கோர்கள் காத்திருக்க வேண்டிய இடங்களும் குறையும். அந்த வரிசையை ஆட்டம் தொடங்கும்போது ஒருமுறை ஒதுக்கிவிட்டு மீண்டும் மீண்டும் அதையே அழித்து எழுத வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் புதிதாக ஒதுக்கினால், யூனிட்டி போன்ற தளங்களில் பயன்படுத்தி எறிந்த நினைவகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை நடு ஆட்டத்தில் வந்து நிற்கும். வழி தேடல் வேகமாக இருந்தும் சில விநாடிக்கு ஒருமுறை படம் இடறுகிறதென்றால், பல நேரம் காரணம் இந்தக் குப்பைதான்.

நியாயமாகச் சொன்னால் இந்த முறை எல்லா ஆட்டத்துக்கும் ஏற்றதல்ல. ஆறு எதிரிகள் ஆறு வெவ்வேறு இடத்துக்குப் போக வேண்டுமானால் ஆறு அலை வேண்டும். அங்கே ஏ ஸ்டாரே மேல். வரைபடம் மிகப் பெரிதாகப் பெரிதாக அலையின் செலவும் கூடும். பலர் ஒருவனைத் துரத்தும் ஆட்டம்தான் அதன் சொந்த ஊர்.

அலையை எழுதி ஓடவிட்ட அன்றே ஒரு புதிய குறை தென்படும். எல்லோரும் ஒரே எண்ணைப் படிப்பதால் எல்லோரும் ஒரே வழியில் வருவார்கள். முப்பது காவலர்கள் ரேஷன் கடை வரிசைபோல ஒருவர் பின் ஒருவராக வந்தால் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிடும். இதற்கும் விடை 1980-இலேயே இருக்கிறது. நான்கு பேய்களுக்கும் நடக்கும் விதி ஒன்றுதான். இலக்கு மட்டும் வேறு. சிவப்பு பிளிங்கி பேக்-மேன் நிற்கும் கட்டத்தைக் குறிவைக்கும். இளஞ்சிவப்பு பிங்கி அவர் பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீல நிற இங்கி, பேக்-மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளியை எடுத்து, பிளிங்கியிலிருந்து அதுவரை ஒரு கோடு போட்டு, கோட்டை இரட்டிப்பாக்கி அதன் முனையைக் குறிவைக்கும். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலே அவை சுற்றி வளைப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். கிடங்கில் இரண்டாவதாக ஓர் அலையை வெளிவாசலிலிருந்து பரப்பி, பத்துக் காவலர்களை மட்டும் அதைப் படிக்கச் சொன்னால் போதும். இருபது பேர் துரத்த, பத்துப் பேர் வாசலை மறிப்பார்கள். திட்டம் போட்டுப் பிடிக்கிறார்கள் என்று ஆடுபவர் நினைப்பார். அவர் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

இன்னொரு குறை சற்று நுட்பமானது. அலை எப்போதும் திருடனின் உண்மையான இடத்திலிருந்து பரவுவதால், அலமாரிக்குப் பின்னால் மூச்சுப் பிடித்து ஒளிந்தாலும் காவலர் நேரே வந்து நிற்பார். ஆடுபவர் இதை ஏமாற்று வேலை என்பார், உண்மையும் அதுவே. அலையைத் திருடன் கடைசியாகக் கண்ணில் பட்ட கட்டத்திலிருந்து பரப்ப வேண்டும். காவலர்கள் அங்கே ஓடி வருவார்கள், ஆள் இருக்கமாட்டான், தேடல் நிலைக்கு மாறி அக்கம்பக்கம் பார்ப்பார்கள், சில விநாடி கழித்து ரோந்துக்குத் திரும்புவார்கள். கண்ணாமூச்சியின் சுவாரசியம் முழுக்க இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. திருடன் மறைந்திருக்கும்வரை புதிய அலையே வேண்டாம் என்பதால் செலவும் மிச்சம். நியாயமும் சிக்கனமும் ஒரே பக்கம் நிற்பது இந்தத் தொழிலில் அபூர்வம்.

யோசிக்கும் வேலையையும் பங்கு போடலாம். திருடன் கண்ணில் படுகிறானா என்று காவலர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பார்க்கத் தேவையில்லை. ஃபிரேமுக்கு ஐந்து பேர் என்று முறை வைத்தால் ஆறு ஃபிரேமில் முப்பது பேரும் ஒரு சுற்று பார்த்துவிடுவார்கள். ஒருவருக்கு அதிகபட்சம் பத்தில் ஒரு விநாடி தாமதம். மனிதர் கண்ணால் பார்த்துக் கையை அசைக்கவே அதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்பதால், இந்தத் தாமதம் யாருக்கும் உறைக்காது. நடையும் திரும்பலும் மட்டும் எல்லா ஃபிரேமிலும் நடக்க வேண்டும். கால்கள் தொடர்ந்து நடந்தால் மூளை விட்டுவிட்டு ஓடுவது வெளியே தெரியாது.

இத்தனையும் சரியாக வந்ததா என்று பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலோர் சராசரியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 59 ஃபிரேம் தலா 10 மில்லி விநாடியிலும் ஒரே ஒரு ஃபிரேம் 60 மில்லி விநாடியிலும் முடிந்தால் சராசரி 11-ஐத் தொடாது, அறிக்கை அமோகமாக இருக்கும். ஆனால் கண் பிடிப்பது அந்த ஒரு ஃபிரேமை. அதனால் அளக்க வேண்டியது மிக மோசமான ஃபிரேமை. அளக்கும் போனும் மேசையிலேயே பழையதாக, மலிவானதாக இருக்க வேண்டும்; இருபது நிமிடமாவது ஆடிச் சூடேறிய பிறகு, சைரனை ஒலிக்கவிட்டு அளக்க வேண்டும்.

கண்ணில் படும் எல்லாக் கோளாறையும் திருத்தியாக வேண்டும் என்பதும் இல்லை. பேக்-மேன் மேல்நோக்கித் திரும்பியிருக்கும்போது பிங்கியின் கணக்கு பிசகும்: நான்கு கட்டம் மேலே போக வேண்டிய குறி, நான்கு கட்டம் மேலேயும் நான்கு கட்டம் இடப்புறமுமாகப் போய் விழும். கூட்டலில் நேர்ந்த எளிய பிழை. அது அப்படியே ஆட்டத்தோடு வெளிவந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்து, பிங்கி எதிரே வரும்போது மேல்நோக்கித் திரும்பி அதை விலக்கிவிடப் பழகிக்கொண்டார்கள்.